எரிமலையை அளக்கலாம்

உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சிக்கு எரிமலைதான் செய்வேன் என்று அடம்பிடிக்கிறாள், அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். எரிமலையைக் கைவிட வேண்டாம். ஆனால் பொங்கி வழிந்ததும் அது முடிந்துவிடுகிறது. நோட்டில் எழுத ஓர் எண்கூட மிஞ்சுவதில்லை. அதே சமையல் சோடாவையும் வினிகரையும் வைத்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சோடாவைக் கூட்டக் கூட, வரும் வாயுவும் கூடிக்கொண்டே போகுமா?

அரை லிட்டர் பாட்டிலில் 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். காகிதத்தைப் புனல்போலச் சுருட்டி, பலூனுக்குள் சோடாவைப் போட்டு, பலூனின் வாயைப் பாட்டிலில் மாட்டுங்கள். அப்புறம் பலூனைத் தூக்கிப் பிடித்தால் சோடா உள்ளே விழும், பலூன் உப்பும். அது அடங்கியதும், மிகப் பருத்த இடத்தில் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தை யார் உதவியும் இல்லாமல் எடுக்கக்கூடிய அளவு இது; தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மாறுவது சோடா மட்டும்: கால், அரை, ஒன்று, ஒன்றரை டீஸ்பூன். வினிகர், பாட்டில், பலூனின் வகை எதுவும் மாறக்கூடாது. ஒவ்வோர் அளவையும் மூன்று முறை செய்யட்டும். ஒரே அளவுக்கு வரும் மூன்று எண்களும் மிகவும் விலகி நின்றால், பெரும்பாலும் கரண்டியில் சோடா குவிந்திருக்கும். கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கச் சொல்லுங்கள். புதுப் பலூன் விறைப்பாக இருக்கும், முதலில் ஒருமுறை ஊதி விட்டுவிடுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலம் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

ஒரு டீஸ்பூனுக்கும் ஒன்றரைக்கும் பலூன் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இங்கேதான் பல பெற்றோர், எங்கோ தப்பாகிவிட்டது என்று பதறி எண்ணைத் திருத்திவிடுகிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகரில் 50 மில்லி எடுத்தால், அதிலுள்ள அமிலம் சுமார் மூன்றரை கிராம் சோடாவோடு தீர்ந்துவிடும். அது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போடும் சோடா சும்மாதான் கிடக்கும்.

இதை அவளே நிரூபிக்கலாம். பலூனைக் கழற்றிவிட்டு, ஒன்றரை டீஸ்பூன் போட்ட பாட்டிலில் இன்னும் ஒரு கரண்டி வினிகர் ஊற்றட்டும்: மறுபடி நுரைத்தால், மிஞ்சியது சோடா. கால் டீஸ்பூன் போட்ட பாட்டிலிலோ, வினிகர் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. ஒரு சிட்டிகை சோடா போட்டால்தான் நுரைக்கும். நடுவர் வந்து "ஏன் பலூன் அதற்கு மேல் பெரிதாகவில்லை?" என்று கேட்டால், அவள் இந்த இரண்டு பாட்டில்களையும் காட்டட்டும்.