888 வெள்ளி கட்டாதீர்கள், போனைப் படுக்கவைத்து எடுங்கள்

"நான் ஈசூனில் இருக்கும் நிரந்தரவாசி. வீட்டில் தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். இரண்டு நிமிடப் பாடங்களாகப் போனில் எடுத்து யூடியூபில் போட ஆசை. 888 வெள்ளி கட்டினால் அறுபது நாளில் வருமானம் வரவைப்பதாக ஒருவர் சொல்கிறார். முதல் வருடத்தில் உண்மையில் எவ்வளவு வரும்?"

விளம்பரப் பணமாக முதல் வருடத்தில் ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த 888 வெள்ளியைக் கட்டாதீர்கள். அவர் விற்பது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: போலி சப்ஸ்கிரைபர், அல்லது போலிப் பார்வை நேரம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இப்படித்தான் ஒருவரிடம் பணம் கட்டினார். ஒரே வாரத்தில் ஆயிரம் சப்ஸ்கிரைபர் வந்தார்கள். அடுத்து அவர் போட்ட பாடத்தை முப்பது பேர்கூடப் பார்க்கவில்லை. விண்ணப்பித்தபோது யூடியூப் மறுத்துவிட்டது. முதல் மறுப்புக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்க முப்பது நாள் பொறுக்க வேண்டும், அதற்கடுத்த மறுப்புகளுக்குத் தொண்ணூறு நாள். பணம் வாங்கியவர் அதற்குள் வாட்ஸ்அப் எண்ணையே மாற்றிவிட்டார். உங்களிடம் சேனலின் கடவுச்சொல்லை ஒருவர் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் உங்கள் காணொளிகளைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ் வேண்டும். ஒரு கோடியை 90 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம். துணைப்பாட ஆசிரியருக்கு அந்த வழி இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டத்தில் இருக்கும் பொறி இங்கேதான். போனை நிமிர்த்திப் பிடித்து, மூன்று நிமிடத்துக்குள் முடியும் காணொளி எதை எடுத்துப் போட்டாலும் யூடியூப் அதை ஷார்ட்ஸ் கணக்கில் சேர்த்துவிடுகிறது. 2024 அக்டோபரிலிருந்து இந்த மூன்று நிமிட வரம்பு. ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் ஒரு நிமிடம்கூடச் சேராது. இதைப் பதிவேற்றும்போது எங்கும் பளிச்சென்று சொல்வதில்லை. ஒரு வருடம் உழைத்த பிறகு கணக்கைத் திறந்து பார்த்து மனம் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடம் நடத்துகிறவர்களின் நேரத்தை இந்த நிறுவனங்கள் இவ்வளவு மலிவாக நினைப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. போனைப் படுக்கவைத்து எடுங்கள். அப்போது இரண்டு நிமிடமே ஓடினாலும் அது சாதாரணக் காணொளிதான், நேரம் சேரும். ஆனால் இரண்டு நிமிடத்தில் சேர்வது கொஞ்சம். ஆறு நிமிடமாக எடுத்தால் ஒருவர் சராசரியாக இரண்டரை நிமிடம் பார்க்கிறார் என்று வைப்போம். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். அதை இரண்டரையால் வகுத்தால் 96,000 வியூஸ், அதாவது மாதம் 8,000. வாரம் இரண்டு பாடம் போட்டால் வருடத்தில் சுமார் நூறு பாடம். ஒவ்வொன்றையும் ஏறக்குறைய ஆயிரம் பேர் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வருடத்தில் இது கடினம், இரண்டாம் வருடத்தில் நடக்கக்கூடியது.

நுழைந்த பிறகு எவ்வளவு? "சிங்கப்பூர் சேனல், சிங்கப்பூர் ரேட்" என்று தரகர்கள் சொல்வதை நம்பாதீர்கள். விளம்பரத்தின் விலை, பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் ஈசூனில் உட்கார்ந்து பேசினாலும், மதுரையிலும் சேலத்திலும் பார்த்தால் அங்குள்ள விலைதான். பார்வையாளர்கள் பெரும்பாலும் இந்தியாவில் இருக்கும் தமிழ்ப் பாடச் சேனல்களில், ஆசிரியர் கைக்கு ஆயிரம் வியூஸுக்கு ஓர் அமெரிக்க டாலருக்குக் கீழே வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தாராளமாக ஒரு டாலர் என்றே வையுங்கள். மாதம் 8,000 வியூஸுக்கு எட்டு டாலர். டாலர் கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு இந்த வேகத்தில் இன்னும் ஒரு வருடம் ஆகும்.

உங்கள் மாதக் கட்டணம் 120 வெள்ளி என்று வைத்துப் பாருங்கள். காணொளியைப் பார்த்து ஒரே ஒரு பிள்ளை வகுப்பில் சேர்ந்தால், அந்தப் பிள்ளையின் ஒரு மாதக் கட்டணம் சேனலின் ஒரு வருட விளம்பரப் பணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆரம்ப வருமானம் என்று ஒன்று இருந்தால் அது இந்த வழியில்தான் வரும்.

அப்புறம், குழந்தைகளுக்கானது என்று குறிக்கும் விஷயம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பாடங்கள் நேராக இதில்தான் மாட்டும். ஒவ்வொரு காணொளியையும் ஏற்றும்போது "Yes, it's made for kids" அல்லது "No, it's not made for kids" என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழ் இருப்பவர்களைப் பற்றிய அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்த கேள்வி இது. 2019இல் யூடியூப் 17 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்த பிறகு எல்லோர் தலையிலும் வந்து விழுந்தது. தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு வயது பதினொன்று, பன்னிரண்டு. "பிள்ளைகளா, இன்று லகர ளகர வேறுபாடு பார்ப்போம்" என்று அவர்களிடம் பேசும் பாடத்துக்கு நேர்மையான பதில் "Yes". அப்படிக் குறித்தால் பார்ப்பவரின் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் வராது, அதனால் வருமானம் இன்னும் குறையும். கருத்துப் பகுதி மூடப்படும். முடிவில் அடுத்த பாடத்தைக் காட்டும் திரையும் இருக்காது. ஒரு தாய் கீழே கேள்வி கேட்கவும் வழியில்லை.

தரகர்கள் "எப்போதும் No போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். யூடியூப் பார்த்தால் தானே மாற்றிவிடும், பொய்யாகக் குறித்ததற்கு நடவடிக்கையும் வரலாம். ஆனால் "No" உண்மையாகவே பொருந்தும் ஒரு வழி உண்டு: பெற்றோரிடம் பேசுங்கள். வெறுமனே "பெற்றோர்களே" என்று தொடங்கிவிட்டுப் பிள்ளைகளுக்கான பாடத்தையே நடத்தினால் அது செல்லாது. பாடமே பெரியவருக்கானதாக இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்ப் பாடத்தில் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு. வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பத்தில் ஒரு தந்தை அந்த உரையாடலுக்குப் பிள்ளையை எப்படித் தயார்செய்வது, பிள்ளை ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்தினால் அடுத்து என்ன கேட்பது என்று காட்டுங்கள். இது பெரியவருக்கான பாடம். மனம் நிறைந்து "No" என்று குறிக்கலாம். அதைப் பார்ப்பவர்தான் உங்கள் வகுப்புக்குக் கட்டணம் கட்டப்போகிறவரும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு எடுத்தாலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பதிவு செய்ய பெரிய சாமான் வேண்டாம். ஆனால் தமிழ்ப் பாடத்தில் ஒலியை விட்டுக்கொடுக்க முடியாது. மேசைக்கு அப்பால் வைத்த போனில் "பனி", "பணி" இரண்டையும் சொல்லிப் பதிவு செய்து, காதில் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். அறையின் எதிரொலியில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். கம்பி வைத்த சிறிய கிளிப் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையில் மாட்டிக்கொண்டு அதையே மறுபடி சொல்லுங்கள். நாக்கு மடங்குவது காதில் விழும். துணி நிறைந்த அலமாரியும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, வரவேற்பறையைவிட நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமான நிலையில் போடுங்கள். வீவக வீடுகளில் சுவர் உடைக்கும் சத்தம் வார நாள்களில்தான் வரும், சனி ஞாயிறுகளில் அனுமதி இல்லை. அதனால் சனிக்கிழமைக் காலையில் உட்கார்ந்து நான்கு பாடங்களை ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள்.

எழுத்தைக் காட்ட வெள்ளைப் பலகை வேண்டாம், விளக்கு பட்டுப் பளபளக்கும். மேலிருந்து கீழே பார்க்கும்படி போனைத் தாங்கியில் மாட்டி, வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுங்கள். பாடநூல் பக்கத்தையோ பழைய தேர்வுத் தாளையோ திரையில் காட்டாதீர்கள், அவற்றின் உரிமை உங்களுடையது அல்ல. வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள்.

ஒரு வாரம் கழித்து யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் விலகினார்கள் என்ற கோட்டைப் பாருங்கள். முதல் முப்பது நொடியில் கோடு செங்குத்தாக விழுந்தால் பெரும்பாலும் காரணம் "வணக்கம், என் சேனலுக்கு வரவேற்கிறேன்" என்ற முன்னுரைதான். அதை வெட்டிவிட்டு "உங்கள் பிள்ளை வாய்மொழியில் 'ஆமாம்' என்று மட்டும் சொல்கிறதா?" என்று தொடங்குங்கள்.

வருமானம் திறந்த பிறகு இரண்டு வேலை. முதலாவது W-8BEN என்ற அமெரிக்க வரிப் படிவம். இணையத்திலேயே நிரப்பலாம், இலவசம். இதற்கும் ஐம்பது வெள்ளி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் உங்கள் வருமானத்தில் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்குக்கு மட்டும் 30 விழுக்காடு. நூறு டாலரில் அந்தப் பங்கு ஐந்து டாலர் என்றால் பிடிப்பது ஒன்றரை டாலர், நிரப்பாவிட்டால் இருபத்து நான்கு. "இந்தியாவுக்கு 15 விழுக்காடுதான், ஊர் முகவரியைப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் சிங்கப்பூரில் வரி கட்டும் குடியிருப்பாளர், சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி ஒரு வருமான வரி உடன்பாடு இல்லை. பொய் முகவரி போடாதீர்கள். வரும் பணத்தை, மைக் வாங்கிய செலவைக் கழித்து, துணைப்பாட வருமானத்தோடு சேர்த்து இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

இரண்டாவது வேலை, முகவரியைச் சரிபார்ப்பது. பத்து டாலர் சேர்ந்ததும் கூகல் ஒரு ரகசிய எண்ணை அஞ்சலில் அனுப்புகிறது. இந்தக் காலத்திலும் கடிதம்தான், இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணை உள்ளிடாவிட்டால் உங்கள் காணொளிகளில் விளம்பரம் நின்றுவிடும். புளோக் எண்ணையும் தெருவையும் மட்டும் எழுதிவிட்டு வீட்டு எண்ணை விட்டுவிடுகிறவர்களுக்குக் கடிதம் வந்து சேர்வதே இல்லை. #08-123 என்பதுபோல மாடியும் வீட்டு எண்ணும் முகவரியில் இருக்கிறதா என்று, பத்து டாலர் சேர்வதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.