இரண்டு மணி நேர டெலிவரி ஸ்லாட்டை ஒரு மணி நேரமாக்கினால் செலவு கூடுமா?

கேள்வி: மதுரையில் ஆன்லைன் மளிகை நடத்துகிறோம். இரண்டு மணி நேர ஸ்லாட்டை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் டெலிவரி செலவு எவ்வளவு கூடும்?

கூடும், எவ்வளவு என்பதை ஒரு பேட்டைக்கு ஒரு நடையில் எத்தனை ஆர்டர் சேர்கிறது என்பதே முடிவு செய்கிறது. கிடங்கு பழங்காநத்தத்தில் இருக்கிறது, கூலி, பெட்ரோல், வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நிமிடத்துக்கு 2 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பைகளை ஏற்ற 10 நிமிடம், அண்ணா நகர் போய்த் திரும்ப 30 நிமிடம். இந்த 40 நிமிடம் எத்தனை ஆர்டர் இருந்தாலும் மாறாது. அதற்கு மேல் வீட்டுக்கு 6 நிமிடம்.

மாலை 6 முதல் 8 வரை வரும் 8 ஆர்டரை ஒரே நடையில் கொடுத்தால் 88 நிமிடம், அதாவது ஆர்டருக்கு 22 ரூபாய். ஸ்லாட்டைப் பிரித்து நான்கு நான்காக இரண்டு நடை போனால் அதே ஆர்டருக்கு 32 ரூபாய் விழும். கடைசி நிமிடத்தில் வந்த ஒற்றை ஆர்டருக்கென்று தனியாக ஆளை அனுப்பினால் 92 ரூபாய். உண்மையில் லாபத்தைத் தின்பது இதுதான், ஆகவே ஸ்லாட் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே அதை மூடிவிடுங்கள்.

ஆனால் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு வந்தாலே பைக்கில் 8 ஆர்டர் ஏறாது என்பதால், எண்ணிக்கையோடு எடையையும் ஸ்லாட்டுக்கு வரம்பாக வையுங்கள்.