ஜீப் ஆப்பின் தனியுரிமை அறிவிப்பு: கேள்வி பதில்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைத்தவை.

கம்பத்திலிருந்து ஆப் செய்யும் தம்பி: அக்கா, ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புல சீட் பிடிக்க ஒரு ஆப் செஞ்சிருக்கோம். வக்கீல் எழுதித் தந்த அறிவிப்பு எங்களுக்கே புரியல. எளிய தமிழ்ல மாத்த எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வக்கீல் தந்த தாளைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய வரி இது: "சேவையை மேம்படுத்தும் நோக்கில் தங்களது இருப்பிடத் தரவு சேகரிக்கப்படலாம், மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்." இதில் கடினமான சொற்களை மட்டும் மாற்றினால் "நீங்க இருக்கிற இடத்தை எடுத்துக்கலாம், மத்தவங்களுக்குக் கொடுக்கலாம்" என்று வரும். சொல் எளிதாகிவிட்டது. ஆனால் எப்போது எடுக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது இன்னும் தெரியவில்லை. அந்த "லாம்"தான் எல்லாவற்றையும் மறைக்கிறது. எடுக்கிறீர்களா, இல்லையா?

அதனால்தான் நேற்று போனில் உங்களைக் குடைந்து குடைந்து கேட்டேன். நீங்கள் சொன்னது இது. வேலைக்குப் போகிற அக்காமார் போனிலிருந்து, அவர்கள் ‘ஏறும் இடம்’ என்பதை அழுத்தும்போது ஒரே ஒரு முறை இடம் வருகிறது. ஓட்டுநர் போனிலிருந்து 10 நொடிக்கு ஒரு முறை வருகிறது. ‘டிரிப் தொடக்கம்’ அழுத்தினால் ஆரம்பித்து ‘டிரிப் முடிந்தது’ அழுத்தினால் நிற்கிறது. "முடிந்தது அழுத்த மறந்தா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ராத்திரி வீட்டுக்குப் போனாலும் வந்துக்கிட்டே இருக்கும்க்கா" என்றீர்கள். வந்த இடங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றதற்கு, அழிக்க எந்த ஏற்பாடும் இல்லை என்று தெரிந்தது.

இப்போது உண்மையை அப்படியே எழுதிப் பாருங்கள்:

"ஓட்டுநருக்கு: நீங்கள் ‘டிரிப் தொடக்கம்’ அழுத்தியதிலிருந்து ‘டிரிப் முடிந்தது’ அழுத்தும் வரை, 10 நொடிக்கு ஒரு முறை உங்கள் ஜீப் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு வரும். போன் பையில் இருந்தாலும் வரும். அழுத்த மறந்தால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் வரும். இதை நாங்கள் அழிப்பதில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்துவிட்டு எந்த ஓட்டுநர் சரி என்பார்? அவற்றை நீக்க வேண்டுமென்றால் அறிவிப்பைத் திருத்திப் பயனில்லை, ஆப்பைத்தான் திருத்த வேண்டும். ஜீப் கடைசி நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் டிரிப் தானாக முடியட்டும். இடப் பதிவுகள் 30 நாளில் அழியட்டும். அதற்குப் பிறகு எழுதினால் வாக்கியம் தானே சின்னதாகிவிடும். ஒவ்வொரு தகவலுக்கும் இப்படியே கேளுங்கள்: என்ன எடுக்கிறோம், எப்போது, எதற்கு, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும்.

குமுளி ஜீப் ஓட்டுநர்: ராத்திரி பத்து மணிக்கெல்லாம் முன்ன பின்ன தெரியாதவங்க போன் பண்ணி "நாளைக்கு சீட் இருக்கா"ன்னு கேக்குறாங்க. நம்பரை மாத்திடவா?

நம்பரை மாற்ற வேண்டாம் அண்ணே. நீங்கள் வேறு விஷயம் கேட்பதாக நினைத்திருப்பீர்கள், ஆனால் இதுவும் அறிவிப்பின் குறைதான். பதிவு செய்யும்போது "ஓட்டுநர் எண் தேவை" என்று மட்டும் உங்களிடம் சொன்னார்கள். "சீட் பிடித்த ஒவ்வொருவருக்கும் உங்கள் எண் தெரியும், டிரிப் முடிந்த பிறகும் அவர்கள் போனில் இருக்கும்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறொரு சிம் கொடுத்திருப்பீர்கள். தம்பி, இந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து ஒருவர்: இடம், காண்டாக்ட் எல்லாத்துக்கும் ஆண்ட்ராய்டே பெட்டி காட்டிக் கேக்குதே. ஓகே அழுத்துனா சம்மதம்தானே? தனியா அறிவிப்பு எதுக்கு?

பாதி சரி. கேட்கும் நேரம் மிகச் சரியானது. பத்துப் பக்கத்தைப் படிக்காதவரும் அந்தப் பெட்டியைப் பார்ப்பார். ஆனால் போனின் எந்தக் கதவு திறக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எதற்கு, யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் பெட்டி வருவதற்கு முந்தைய திரையில் ஒரு வரி போடுங்கள்: "ஜீப் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பார்க்க, இப்போது ஒரு முறை மட்டும் உங்கள் இடத்தை எடுக்கிறோம்." ஆண்ட்ராய்டு 12 முதல் ‘தோராயமான இடம்’ மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது. அது ஏறக்குறைய மூன்று சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் காட்டும். நிறுத்தம் கண்டுபிடிக்க அது போதாது. அதனால் துல்லியமான இடம் ஏன் தேவை என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் கம்பத்துக்காரர்: ஒன்று விட்டுவிட்டீர்கள். தம்பி எழுதிய புரோகிராமை மட்டும் பார்த்தால் போதாது. விளம்பரம், பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்காகச் சேர்க்கும், மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள் தங்கள் பர்மிஷனையும் உள்ளே கொண்டுவந்துவிடும்.

சரியாகச் சொன்னீர்கள், நன்றி. ஆப் ஸ்டோருக்குப் போகிற ஏபிகே ஃபைலையே சோதிக்க வேண்டும்:

```
aapt dump permissions app-release.apk
```

நீங்கள் கேட்காத `READ_CONTACTS` போன்ற பெயர் அதில் வந்தால், எந்த லைப்ரரி கொண்டுவந்தது என்று தேடி நீக்குங்கள். நீக்க முடியாவிட்டால் அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. பர்மிஷன் தேவைப்படாத தகவல் இந்தப் பட்டியலில் வராது. பெயர், எண், எந்த நாள் எந்தத் தோட்டம் என்பதையெல்லாம் பயனர் தானே தட்டிக் கொடுக்கிறார். அதற்கு சர்வரில் உள்ள டேபிள்களைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும்.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு ஆசிரியை: நாங்கள் கேரளத்தில் இருக்கும் தமிழர்கள். எங்களுக்குத் தமிழில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

சொல்கிறது டீச்சர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும். எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது கணக்கில்லை. அப்படியே குமுளிப் பக்கத்து ஓட்டுநர் மலையாளத்தில் கேட்டால் அதுவும் வேண்டும். 2025 நவம்பரில் வந்த விதிகள் இன்னும் தெளிவாக, என்னென்ன தகவல் என்று தனித்தனியாகப் பட்டியலிடச் சொல்கின்றன. வேறெதையும் படிக்காமல் இந்த அறிவிப்பை மட்டும் படித்தாலே புரிய வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பு பற்றிய விதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பத்துத் தம்பி மறுபடியும்: எழுதிட்டோம்க்கா. புரியுதான்னு எப்படிச் சோதிக்கிறது? "புரியுதா"ன்னு கேட்டா எல்லாரும் புரியுதுங்கிறாங்க.

அப்படிக் கேட்காதீர்கள். படிக்கக் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: "சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு இந்த ஆப்புக்குத் தெரியுமா?" பால் சொசைட்டி ஒன்றுக்கு இப்படி ஓர் அறிவிப்பு எழுதினேன். "கணக்கை மூடினால் தகவல் நீக்கப்படும்" என்று நானே எழுதியதைப் படித்த ஒரு பெரியவர், "அப்ப ஆப்பை அழிச்சுட்டா எல்லாம் போயிடும்" என்றார். ஆப்பை அழித்தால் போனிலிருந்து போகும், சர்வரில் அப்படியே இருக்கும். அந்த இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதிய பிறகுதான் அடுத்தவர் சரியாகச் சொன்னார். ஐந்தாறு பேரிடம் கேட்டாலே எந்த வரி தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதே வரிகளை உங்கள் ஊர்க் குரலில் பதிவு செய்து ஒரு பட்டனில் வையுங்கள்.

கூடலூர் அக்கா ஒருவர்: நான் ஆப்பே வச்சுக்கல. எங்க கங்காணிதான் பன்னெண்டு பேர் பேரையும் நம்பரையும் போட்டு சீட் பிடிக்கிறாரு. எனக்கு யாரு சொல்லணும்?

அக்கா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அறிவிப்பைப் படித்துச் சம்மதித்தது கங்காணி, சர்வரில் இருப்பதோ உங்கள் எண். பெயர் சேர்த்தவுடன் உங்கள் எண்ணுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும், "வேண்டாம்" என்று பதில் போட்டால் எண் அழிய வேண்டும் என்பது என் எண்ணம். குறுஞ்செய்திக்குக் காசு ஆகும் என்கிறார் தம்பி. எண்ணே இல்லாமல் "பன்னிரண்டு சீட்" என்று மட்டும் பதிந்தால் ஆகாதா என்று நான் கேட்டிருக்கிறேன். இன்னும் யோசிக்கிறார்.