மேட்ச் அன்று பூரி வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, எடை 48 கிலோ. பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். நாங்கள் முட்டைகூடச் சாப்பிட மாட்டோம். மேட்ச் அன்று தெம்பாக இருக்கட்டும் என்று பூரி கிழங்கு கொடுத்தால் வயிறு கனக்கிறது என்கிறாள். சாப்பிடாமல் போனால் இரண்டாவது செட்டிலேயே சோர்ந்துவிடுகிறாள். காலைப் பயிற்சி முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும்தான். புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என்ன கொடுப்பது?
— ஓர் அம்மா, நாமக்கல்

பதில்: பூரியில் உள்ள எண்ணெய்தான் வயிற்றைக் கனக்க வைக்கிறது. எண்ணெயும் நெய்யும் சேர்ந்தால் சாப்பாடு இரைப்பையைவிட்டு இறங்க நேரமாகும். அவள் எகிறிக் குதிக்கும்போது பூரி இன்னும் வயிற்றில்தான் கிடக்கும். நெய் மிதக்கும் வெண்பொங்கலும் அப்படித்தான்.

மேட்ச் 10 மணிக்கு என்றால் ஏழு மணிக்கு, அதாவது மூன்று மணி நேரம் முன்னால், சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். நான்கைந்து இட்லி, தண்ணீராக வைத்த சாம்பார் போதும். தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளும் அளவு மட்டும். இட்லி மாவு இல்லையா, இடியாப்பமும் சர்க்கரை போட்ட பாலும் கொடுங்கள், அவளுக்குப் பால் ஒத்துக்கொண்டால். சுண்டல், கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் நல்ல உணவுதான், ஆனால் அன்றைக்குக் காலையில் வேண்டாம். வாயுத் தொல்லை தரும். ஒன்பது, ஒன்பதேகாலுக்கு ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும். இரண்டாவது செட்டில் கைகொடுப்பது பெரும்பாலும் இந்தச் சின்னப் பழம்தான்.

ஆனால் நம் ஊர்ப் போட்டிகள் எது சொன்ன நேரத்துக்கு நடக்கிறது? 10 மணி மேட்ச் 12 மணிக்கு ஆரம்பிக்கும், ஜெயித்தால் அடுத்தது மூன்றரைக்கு. அதனால் பையில் நான்கு வாழைப்பழம், கொஞ்சம் பேரீச்சம்பழம், வெல்லம் போட்டு ஊறவைத்த அவல் ஒரு டப்பா, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில் இருக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பழமும் ஜூஸும் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அவல் சாப்பிடலாம். மைதான வாசலில் விற்கும் பஜ்ஜி பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இதையெல்லாம் முதலில் ஒரு பயிற்சி நாளில் கொடுத்துப் பாருங்கள். புது உணவை மேட்ச் அன்று சோதிக்கக் கூடாது.

அடுத்து, பயிற்சி முடிந்த பிறகு. அவள் எடைக்கு அந்த ஒரு வேளையில் 14, 15 கிராம் புரதம் கிடைத்தால் போதும். இதற்கு டப்பா பவுடர் தேவையில்லை. இட்லி மாவில் உளுந்து இருப்பதால் நான்கு இட்லியிலேயே சுமார் 8 கிராம் வந்துவிடும். ஒரு டம்ளர் பாலில் இன்னும் 6 கிராம். மேலே ஒரு கைப்பிடி வேர்க்கடலை வைத்தால் கணக்கு தாண்டிவிடும். பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் அதிகம், புரதம் பேருக்குத்தான் இருக்கிறது.

பயிற்சி எட்டு மணிக்கு முடிந்து ஒன்பதுக்கு மணி அடிக்கும் பள்ளி என்றால் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. சப்பாத்திக்குள் வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையை வைத்துச் சுருட்டிக் கொடுங்கள், போகிற வழியிலேயே சாப்பிட்டுவிடலாம். மாலைப் பயிற்சி என்றால் வீட்டுக்கு வந்ததும் சுண்டல் கொடுங்கள். அப்புறம் இரவில் வழக்கமான சோறு, பருப்பு, தயிர். வாரத்தில் இரண்டு நாள் குழம்பில் மீல்மேக்கர் போடுங்கள். 25 கிராம் காய்ந்த உருண்டையில் 12, 13 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும்.

எனக்கு உறுத்துவது அந்த டீதான். சைவ உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதே கஷ்டம், சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் குறையும். டீ வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கடலை, கீரை சாப்பிடும் வேளையில் எலுமிச்சை பிழிந்தோ ஒரு கொய்யா சேர்த்தோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்து மூன்று, நான்கு வாரம் ஆகியும் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். அவள் வயதில் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு நாளைக்கு என்பதை டாக்டர் சொல்வார்.