ஸ்டென்டும் இரண்டு மாத்திரைகளும் – கடிதம்

அன்புள்ள டாக்டருக்கு,

என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75 இரண்டையும் தினமும் சாப்பிடுகிறார். இப்போது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். பல் டாக்டர், "ரத்தத்தை இளக்குற மாத்திரை ரெண்டையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்கிறார். அண்ணனோ, "ரெண்டும் ஒரே வேலையத்தானே செய்யுது, கையெல்லாம் வேற கன்னிப்போகுது, ஒண்ண நிப்பாட்டிரலாம்" என்கிறார். முழங்கால் வலிக்கு அப்பா அவ்வப்போது ஐபுபுரூஃபன் போடுகிறார், வயிற்றுக்கு ஓமிப்ரசோல். என்ன செய்வது என்று சொல்ல முடியுமா?

எம்., தென்காசி

அன்புள்ள எம்.,

இரண்டையும் நிறுத்த வேண்டாம். இரண்டில் ஒன்றையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்த இதய டாக்டரிடம் பேசாமல் பல்லில் கை வைக்க வேண்டாம் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். உடனே தெரிய வேண்டியது இவ்வளவுதான். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 'இளக்குற' என்ற சொல். இந்த மாத்திரைகளால் ரத்தம் ஒரு துளிகூட நீர்த்துப்போவதில்லை. டெங்கு வந்த பிறகு ஊரில் எல்லோருக்கும் பிளேட்லெட் தெரியும், அந்தத் தட்டணுக்கள்தான் இங்கேயும் விஷயம். டெங்குவில் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. அப்பாவுக்கு எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் இரண்டரை லட்சம் என்று வந்தால் அதில் வியப்பில்லை. மாறுவது அவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் விதம்.

ஏரிக்கரை உடைந்தால் என்ன நடக்கும்? முதலில் பார்த்தவன் உடைப்பில் போய் நின்றுகொண்டு கத்துவான். சத்தம் கேட்டு நாலு பேர் ஓடி வருவார்கள், அந்த நாலு பேரும் கத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிடும். ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து அடியில் உள்ள கொலாஜன் வெளியே தெரிந்ததும் முதல் தட்டணு அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் இரண்டு விதமாகக் குரல் கொடுக்கிறது. ஒன்று த்ராம்பாக்ஸேன். அந்த நொடியில் புதிதாகத் தயாரித்து வெளியே விடுவது. இன்னொன்று ஏ.டி.பி. ஏற்கெனவே சிறு பைகளில் கட்டி வைத்திருப்பதை அவிழ்த்துக் கொட்டுவது. பக்கத்தில் போகும் தட்டணுக்கள் இரண்டையும் கேட்டு வந்து ஒட்டுகின்றன, அவையும் குரல் கொடுக்கின்றன. கையில் கத்தி பட்டால் இது நம்மைக் காப்பாற்றுகிறது. இதயத் தமனியில் கொழுப்புப் படிவம் வெடித்த இடத்திலும் இதே கூட்டம்தான் கூடுகிறது. அங்கே குழாயே மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். கூட்டம் கூடினால் வழி அடைபட்டுவிடும். அதுதான் மாரடைப்பு.

ஆஸ்பிரின் முதல் குரலைத் தயாரிக்கும் இடத்திலேயே நிறுத்துகிறது. த்ராம்பாக்ஸேன் தயாரிக்க காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்குள் ஒடுக்கமான ஒரு சுரங்கம் உண்டு, மூலப்பொருள் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். ஆஸ்பிரின் அதற்குள் நுழைந்து தன்னில் ஒரு சிறு துண்டை, அசெட்டைல் என்பதை, சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒட்டு பிறகு விடுவதே இல்லை. வேறு செல்லாக இருந்தால் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் அது முடியாது. சாகும்வரை ஊமைதான். ஆஸ்பிரின் ரத்தத்தில் இருபது நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும் மருந்து. ஆனாலும் ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதுவும் 75 மில்லிகிராம் போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

க்ளோபிடோக்ரெல் இரண்டாவது குரலைக் கவனிக்கிறது. ஆனால் ஏ.டி.பி.யைத் தயாரிக்காமல் தடுக்க வழியில்லை. அது முன்கூட்டியே கட்டி வைத்தது; போதாததற்கு, நசுங்கிய சிவப்பணுக்களிலிருந்தும் கொட்டும். குரலை அடைக்க முடியாவிட்டால் காதைத்தானே அடைக்க வேண்டும்? தட்டணுவின் மேல் ஏ.டி.பி.யைக் கேட்கும் காதுகளில் முக்கியமானதன் பெயர் பி2ஒய்12. க்ளோபிடோக்ரெல் அதில் போய் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. இதுவும் தட்டணு சாகும்வரை விடாது.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வேலை இல்லை. ஒன்றை நிறுத்தினால் ஒரு குரல் முழுசாகத் திறந்துவிடும். மூன்றாவதாக த்ராம்பின் என்று ஒன்று இருக்கிறது, இவை இரண்டுமே அதைத் தொடுவதில்லை. அதனால்தான் அப்பா சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டாலும் ரத்தம் கொஞ்சம் தாமதமாகவாவது நின்றுவிடுகிறது. கையில் கன்றிப்போவது மாத்திரை வேலை செய்கிறது என்பதன் அடையாளம், நிறுத்துவதற்கான காரணம் இல்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ அது வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஸ்டென்டுக்கு ஒன்று போதாது என்று மருத்துவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1986-இல் மனிதர்களுக்கு ஸ்டென்ட் வைக்கத் தொடங்கியபோது பெரிய தலைவலியே அது திடீரென்று அடைத்துக்கொள்வதுதான். உலோகக் கம்பி வலை ஒன்றைக் குழாய்க்குள் விரித்து, கொழுப்புப் படிவத்தை நசுக்கிப் பிளந்து வைக்கிறோம். தட்டணுவுக்கு இதைவிடப் பெரிய உடைப்பு வேண்டாம். ஆஸ்பிரினோடு வார்ஃபரின் கொடுத்துப் பார்த்தார்கள். வார்ஃபரின் உறைதல் புரதங்களை அடக்கும் மருந்து, தட்டணுவை அது தொடாது. 1998-இல் வெளிவந்த ஸ்டார்ஸ் ஆய்வு மூன்று வழிகளை ஒப்பிட்டது. முதல் 30 நாளில் ஸ்டென்ட் அடைப்பு, மாரடைப்பு, மரணம் போன்ற விபரீதங்கள் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 3.6 சதவீதம், ஆஸ்பிரினும் வார்ஃபரினும் சேர்த்தவர்களில் 2.7, ஆஸ்பிரினோடு டிக்ளோபிடின் சேர்த்தவர்களில் 0.5. டிக்ளோபிடின் என்பது க்ளோபிடோக்ரெலின் அண்ணன், அதே காதை அடைப்பது. சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்ததால் அதை ஓரங்கட்டிவிட்டுத் தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டென்ட் இல்லாமலும் இந்த ஜோடி உதவுமா என்று 2001-இல் கியூர் ஆய்வு பார்த்தது. குழாய் முழுதும் அடைபடாத வகை மாரடைப்பும் நெஞ்சுவலியும் வந்த 12,562 பேர். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. இரண்டும் எடுத்தவர்களில் 9.3. கூடவே பெரிய ரத்தக்கசிவு 2.7-இலிருந்து 3.7 சதவீதம் ஆனது. நூறு பேரில் இரண்டு பேரைக் காப்பாற்ற ஒருவருக்குக் கூடுதல் ரத்தக்கசிவு. இந்தக் கணக்கு முதல் வருஷம் லாபம். வருஷம் போகப் போக லாபம் சுருங்கும், கசிவு அபாயம் அப்படியே இருக்கும். அதனால்தான் மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் இரண்டும், அப்புறம் ஒன்று மட்டும் என்கிறோம். ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு முன்னதாகவே ஒன்றைக் குறைப்பதும் உண்டு. அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

உங்கள் அப்பா மூன்றாவது மாதத்தில் இருக்கிறார். ஸ்டென்டின் கம்பிகள் மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூட வேண்டும். இப்போது வைக்கும் ஸ்டென்டுகளில் பெரும்பாலானவற்றின் மேல் மருந்து பூசியிருக்கும். குழாய் மறுபடி சுருங்காமல் இருக்கச் சதை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து அது; உள்தோல் மூடுவதையும் அதுவே தாமதப்படுத்துகிறது. மூன்று மாதத்தில் எல்லாக் கம்பியும் மூடியிருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இப்போது அந்த 'அஞ்சு நாள்'. தட்டணுவின் ஆயுள் ஏறத்தாழ பத்து நாள், எலும்பு மஜ்ஜை தினமும் பத்தில் ஒரு பங்கைப் புதிதாக அனுப்புகிறது. திங்கட்கிழமை இரண்டு மாத்திரையையும் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பல் பிடுங்கும்போது பாதித் தட்டணுக்கள் மாத்திரை படாத புதியவை. இந்தப் பாதி நன்றாகக் கத்தும், நன்றாகக் கேட்கும். ஸ்டென்டுக்கு அதுவே அதிகம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பித்தால்? ஆஸ்பிரின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். க்ளோபிடோக்ரெல் அப்படி இல்லை. அது விழுங்கும்போது மருந்தே கிடையாது. பெரும்பகுதியை உடம்பு வீணாக்கிவிடும், மிச்சத்தைக் கல்லீரல் இரண்டு கட்டமாக மாற்றினால்தான் வேலை செய்யும் பொருள் வரும். தினம் 75 மில்லிகிராம் என்று போனால் முழுப் பலனுக்கு ஐந்து நாளாவது ஆகும். மாரடைப்பு வந்த அன்று எட்டு மாத்திரையைச் சேர்த்து 600 மில்லிகிராமாகக் கொடுத்தார்களே, அது இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான். ஆக ஐந்து நாள் என்று சொன்னது உண்மையில் பத்து நாள் ஓட்டை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது சின்ன நெஞ்சுவலியாக வராது, பெரிய மாரடைப்பாகவே வரும்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? ஒரு பல் குழி. விரலால் தொடக்கூடிய இடம். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லலாம், ஒரு தையல் போடலாம், டிரானெக்சாமிக் அமிலத்தால் கொப்பளிக்க வைக்கலாம். கசிவு நீளும், அவ்வளவுதான். (1940களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற மருத்துவர், டான்சில் எடுத்தவர்கள் ஆஸ்பிரின் கலந்த சூயிங் கம்மை நிறைய மென்றதால் ரத்தம் கசிவதைப் பார்த்துத்தான், இது மாரடைப்பைத் தடுக்குமோ என்று யோசித்தார். வாய்க்கசிவுக்கும் ஆஸ்பிரினுக்கும் அவ்வளவு பழைய உறவு.) மூளை அறுவை சிகிச்சை என்றால் நானும் வேறு மாதிரி பேசுவேன். ஒற்றைப் பல்லுக்கு நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் பொதுவான வழிகாட்டல். நாலைந்து பல் என்றால் ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், பிரித்துப் பிடுங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஐபுபுரூஃபன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அது அதே காக்ஸ்-1 சுரங்கத்தில் தற்காலிகமாகப் போய் உட்காரும். அந்த நேரம் ஆஸ்பிரின் வந்தால் வாசல் அடைத்திருக்கும். உள்ளே போக முடியாமல் சுற்றிவிட்டுக் கரைந்துவிடும். சில மணி நேரம் கழித்து ஐபுபுரூஃபன் எழுந்து போகும்போது சுரங்கம் பழையபடி திறந்து கிடக்கும். அப்பா அன்றைக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டார், ஆனால் சாப்பிடாத மாதிரிதான். வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் தனி. பல் பிடுங்கிய வலிக்கும் இதே வகை மாத்திரையை எழுதிவிடுவார்கள், கவனம். முழங்காலுக்கும் பல்லுக்கும் பாராசிட்டமால் போதும்.

ஓமிப்ரசோல் விஷயம் இவ்வளவு கடுமையில்லை. க்ளோபிடோக்ரெலை மாற்றும் கல்லீரல் நொதிகளில் முக்கியமானதை அது மந்தப்படுத்தும். வயிற்று மாத்திரையையே விட்டுவிடாதீர்கள், இரண்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது காவல். பான்டோபிரசோலாக மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்கள் நம் நாட்டில் கணிசம். அவர்களுக்கு க்ளோபிடோக்ரெல் சரியாகப் பிடிக்காது. கல்லீரலை நம்பாத டிகாக்ரெலார் போன்ற மருந்துகள் அதற்குத்தான் இருக்கின்றன. அதற்காக மாத்திரையை மாற்றச் சொல்லி நீங்கள் போய் நிற்க வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி நெஞ்சுவலி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது.

பல் டாக்டரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி அதில் இருக்கும், முதலில் அதைக் காட்டுங்கள். காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். கசிவு நீண்டாலும் அன்று மாலைக்குள் திரும்பப் போய்க் காட்ட நேரம் இருக்கும். அன்று காலை மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுவிட்டே கிளம்பட்டும்.

அன்புடன்