களிமண் பியூட்டேன்: மாற்றியமா, வெறும் திருப்பமா?

C4H10-க்கு 2 மாற்றியங்கள்தானே? களிமண்ணிலும் பல்குச்சியிலும் செய்யச் சொன்னால் பிள்ளைகள் 4, 5 கொண்டுவருகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

கூடுதலாக வருபவை பெரும்பாலும் வளைத்து வைத்த நேர்ச்சங்கிலி பியூட்டேன்தான். குச்சியைப் பிடுங்காமல், கார்பன் உருண்டைகளைக் குச்சியின்மேல் சுழற்றச் சொல்லுங்கள். சுழற்றியே ஒன்றை மற்றொன்றாக்க முடிந்தால் இரண்டும் ஒரே மூலக்கூறு. பிடுங்கி வேறிடத்தில் குத்தினால்தான் முடியும் என்றால் அது மாற்றியம். ஐசோபியூட்டேனில் நடுக் கார்பன் மூன்று கார்பன்களோடு இணைந்திருக்கும். நேர்ச்சங்கிலியில் எந்தக் கார்பனும் இரண்டுக்கு மேல் இணையாது.

ஆனால் குச்சிகளைக் கூட்டல் குறி போலத் தட்டையாகக் குத்தியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது நேராக நிற்கும் சங்கிலியை எவ்வளவு சுழற்றினாலும் 'ட' வடிவம் வராது, பிள்ளைகள் சொன்னதே சரி என்றாகிவிடும்! மூன்று குச்சிகளை முக்காலிக் கால்கள் போல விரித்து, நான்காவதை நேர் மேலே குத்துங்கள். கோணம் ஏறக்குறைய 109.5 பாகை வந்துவிடும்.