சின்ன பம்பின் ஹெட்–ஃப்ளோ கர்வ்: கேஜ் காட்டுவது மட்டும் ஹெட் இல்லை

"வீட்டு அரை ஹெச்பி சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு நானே ரிக் செட் பண்ணி ஹெட்–ஃப்ளோ கர்வ் போட்டேன். கேட்டலாக்கை விட ரெண்டு மூணு மீட்டர் குறைவா வருது. பம்பு மோசமா?"

பம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் கேஜைப் பாருங்கள். அம்பத்தூரில் எங்கள் வீட்டு சம்ப் மேலேயே நானும் இப்படி ஒன்று கட்டினேன். டெலிவரியில் ஒரு பிரஷர் கேஜ், அதற்கு அப்புறம் கேட் வால்வு, கடைசியில் பெயிண்ட் பக்கெட், கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். முதல் கர்வ் உங்களுடையது மாதிரியே தொங்கிப்போய் வந்தது.

ஒரு புள்ளியை மட்டும் சொல்கிறேன். கேஜ் 1 கிலோ காட்டியது, அதாவது 10 மீட்டர். நான் அதையே ஹெட் என்று போட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் பம்புக்கு ஒன்றரை மீட்டர் கீழே சம்பில் கிடக்கிறது. அதை மேலே இழுப்பதும், ஃபுட் வால்வில் போகிற இழப்பும் பம்பு செய்கிற வேலைதானே? சக்‌ஷன் வாயில் ஒரு வேக்கம் கேஜ் மாட்டினேன். 150 மில்லிமீட்டர் பாதரசம் காட்டியது. 13.6-ஆல் பெருக்கினால் 2.04 மீட்டர் தண்ணீர். பிரஷர் கேஜ் வேக்கம் கேஜைவிட 0.3 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆக மொத்தம் 12.3 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு இஞ்ச் பைப் என்பதால் வேக ஹெட்டைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை.

ஃப்ளோவுக்கு, பக்கெட்டில் எழுதியிருக்கிற 20 லிட்டரை நம்பாதீர்கள். தராசில் வைத்து 18 கிலோ தண்ணீருக்குக் கோடு போட்டுக்கொண்டேன். 24 விநாடியில் கோடு வரை நிரம்பியது. நிமிடத்துக்கு 45 லிட்டர்.

கேட்டலாக்கில் அதே இடத்தில் 13 மீட்டர் போல இருந்தது. மிச்சத்தை வோல்டேஜ் தின்றது. சாயங்காலம் 205 வோல்ட்தான் வந்தது. டேக்கோமீட்டரில் 2800 சுற்று. மோட்டார் தகட்டில் 2880. ஹெட் வேகத்தின் வர்க்கத்தில் மாறும், ஃப்ளோ வேகத்தோடு நேராக மாறும். அந்தக் கணக்கில் 12.3 மீட்டர் 13 ஆகிறது, 45 லிட்டர் 46.3 ஆகிறது. இப்போது புள்ளி கர்விலேயே உட்கார்ந்தது.

கேஜ் வாங்கும்போது 0–2.5 கிலோ கேளுங்கள். 7 கிலோ கேஜில் முழு அளவில் 2 சதவீதம் பிழை என்றாலே 1.4 மீட்டர் போய்விடும். ஃப்ளோவை டெலிவரி வால்வில் மட்டும் குறையுங்கள். சக்‌ஷனைத் திருகினால் கேவிடேஷன் வந்து, பம்புக்குள் ஜல்லி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வரும்.

இன்னொன்று. உங்களுடையது 'செல்ஃப் பிரைமிங்' என்று விற்கிற சின்ன பம்பா? அவற்றில் நிறைய சென்ட்ரிஃபியூகலே இல்லை, ரீஜெனரேட்டிவ் வகை. அதில் வால்வை மூடமூட ஆம்பியர் ஏறும். முழுசாக மூடிப் பார்க்காதீர்கள், மோட்டார் காயில் எரிந்துவிடும்.